கிரியாட்டினும் உப்பும்: ஏறிய எடை எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிப்பது எப்படி

தசை வலிமைக்காக ஜிம்முக்குப் போகிறவர்கள் எடுக்கும் கிரியாட்டின் தூளை ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் புதியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: "எடை ஒரு கிலோ ஏறிவிட்டது, உப்பைக் குறைக்கட்டுமா?" ஜிம்மில் இதற்கு இரண்டு விதமான பதில் கிடைக்கும். உப்பைச் சுத்தமாக நிறுத்து, இல்லாவிட்டால் முகம் ஊதிவிடும் என்பார் ஒருவர். கிரியாட்டினில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடி, அப்போதுதான் தசைக்குள் போகும் என்பார் இன்னொருவர். இரண்டையும் செய்ய வேண்டாம். உப்பை இப்போது சாப்பிடும் அளவிலேயே, நாளுக்கு நாள் பெரிதாக மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதையும், ஏறிய எடை கிரியாட்டினால் வந்ததா உப்பால் வந்ததா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறையையும் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்காக மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், கிரியாட்டின் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த அளவுதான் உங்கள் அளவு. கிரியாட்டின் வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். இந்தக் கட்டுரை நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கானது.

இரண்டு தண்ணீர்

உடம்பில் இருக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதி, செல்களுக்கு வெளியே, ரத்தத்திலும் திசுக்களின் இடுக்குகளிலும் இருக்கிறது. கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நீர் போகும். கிரியாட்டின் தங்குவது செல்லுக்கு உள்ளே. உடம்பிலுள்ள கிரியாட்டினில் சுமார் 95 சதவீதம் எலும்புத் தசைகளில்தான் இருக்கிறது. சோடியம் தங்குவது பெரும்பாலும் செல்லுக்கு வெளியே. உள்ளே நுழையும் சோடியத்தை செல் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

அதனால் கிரியாட்டின் சேர்க்கும் நீர் தசைகளை நிரப்புவதில் தொடங்குகிறது. உப்பு சேர்க்கும் நீர் தோலுக்கு அடியிலும் ரத்தத்திலும் கூடுகிறது. முகம் உப்புவது, மோதிரம் இறுகுவது, சாக்ஸ் கழற்றிய இடத்தில் தடம் பதிவது எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை.

"கிரியாட்டின் நீர் முழுவதும் தசைக்குள்தான்" என்று டப்பாவில் போட்டிருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிரியாட்டின் எடுத்தவர்களின் மொத்த உடல்நீர் கூடியது, ஆனால் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்ற விகிதம் மாறவில்லை. அதாவது தசையோடு சேர்ந்து வெளிப்பக்கமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. சிலருக்கு, தொடக்கத்தில் நாளுக்கு 20 கிராம் வீதம் எடுக்கும் லோடிங் வாரத்தில் உடம்பு லேசாக உப்பினாற்போல் தோன்றுவதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

இப்போது ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், இந்தக் கட்டுரையில் உள்ள பெரிய கணக்கே இதுதான். தினசரி அளவான 5 கிராம் கிரியாட்டினில் ஒரு துளிகூட வீணாகாமல் தசையில் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது தன்னோடு பிடித்து வைக்கக்கூடிய நீர் ஒரு நாளைக்கு 100 முதல் 150 மில்லி. அவ்வளவுதான். உப்பைப் பாருங்கள். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும், ரத்தத்தோடு ஒத்துப்போகும் அடர்த்தி அது. ஆக, உடம்பு கூடுதலாக 9 கிராம் உப்பைப் பிடித்து வைத்தால் அதோடு ஒரு லிட்டர் நீரும் தங்கும். 4 கிராம் பிடித்து வைத்தால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

நாளைக்கு 5 கிராம் எடுப்பவருக்கு ஒரே இரவில் ஒரு கிலோ ஏறினால் அது கிரியாட்டினாக இருக்கவே முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. எடை இயந்திரத்தைப் படிக்க இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும்.

உப்பு போட்டால் கிரியாட்டின் நன்றாக ஏறுமா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. கிரியாட்டின் தானாகத் தசைக்குள் நுழைவதில்லை. செல் சவ்வில் இருக்கும் ஒரு கடத்திப் புரதம் அதை உள்ளே இழுக்கிறது. அந்தப் புரதம் ஒவ்வொரு கிரியாட்டின் மூலக்கூறுடனும் இரண்டு சோடியம் அயனியையும் ஒரு குளோரைடு அயனியையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகும். சோடியம் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. இதுவரை சரி.

தவறு அடுத்த படியில் வருகிறது. நாம் சாப்பிடும் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள்தான் இருக்கும். தாகமும் சிறுநீரகமும் சேர்ந்து அதை அங்கேயே பிடித்து வைக்கின்றன. உப்பு கூடினால் நீரும் கூடி அடர்த்தி பழைய இடத்துக்கே வந்துவிடும். கடத்திப் புரதம் பார்ப்பது இந்த அடர்த்தியைத்தான். அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருப்பதால் ஒரு சிட்டிகை உப்பால் அங்கே எதுவும் மாறாது. குடலிலும் இதே கதைதான், செரிமான நீரிலேயே சோடியம் தாராளமாக இருக்கிறது.

தசைக்குள் போகும் அளவை உண்மையில் கூட்டுவதாக ஆய்வில் தெரிந்தது இன்சுலின். 1996இல் வந்த ஆய்வில் ஒவ்வொரு 5 கிராம் கிரியாட்டினோடும் 90 கிராமுக்கு மேல் சர்க்கரை கொடுத்து இன்சுலினைக் கூட்டினார்கள், தசையில் சேர்ந்த அளவு கூடியது. அதற்காக யாரும் தினமும் அவ்வளவு சர்க்கரை குடிக்க வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தாலே போதும்.

படி 1: வீட்டு உப்பின் கணக்கை எடுங்கள்

கிரியாட்டின் டப்பாவைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். தட்டில் இருக்கும் சாம்பாரில் எத்தனை கிராம் உப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று சொல்ல முடியும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 30 நாளில் தீர்ந்தால், 1000 கிராமை 30ஆலும் பிறகு 4ஆலும் வகுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. பாத்திரத்தில் வடிந்து போவது, வீணாவது எல்லாம் உண்டு என்பதால் உண்மையான அளவு கொஞ்சம் குறைவாக இருக்கும்.

இதோடு வெளியிலிருந்து வருவதைச் சேர்க்க வேண்டும். கடை ஊறுகாய் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு வந்துவிடும். உடனடி நூடுல்ஸ் ஒரு பாக்கெட் 2 கிராம் அளவுக்குக் கொண்டுவரும். அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர் ஆகியவற்றைத் தினமும் சாப்பிடுகிறீர்களா, எப்போதாவதா என்று மட்டும் குறித்தால் போதும். பாக்கெட்டில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருந்தால் அதை 2.5ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. நம்மில் பெரும்பாலோர் அதைத் தாண்டித்தான் சாப்பிடுகிறோம். குறைப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லதுதான், தாராளமாகக் குறையுங்கள். ஆனால் கிரியாட்டின் தொடங்கும் அதே வாரத்தில் அதையும் தொடங்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எடை ஏன் மாறியது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் டிரெய்னருக்கும் தெரியாது. உப்பைக் குறைப்பதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே குறைத்து, அந்த அளவில் நிலைத்த பிறகு கிரியாட்டினுக்கு வாருங்கள்.

படி 2: ஒரு வாரம் எடை மட்டும் பாருங்கள்

காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே இயந்திரத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரியான உடையில் நின்று பாருங்கள். ஏழு நாளும் குறித்துச் சராசரி எடுங்கள். கிரியாட்டின் எதுவும் இல்லாமலே உங்கள் எடை நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் இந்த வாரம் காட்டிவிடும். அரை கிலோ மேலும் கீழும் போவது சாதாரணம். இந்த ஆட்டத்தைத் தெரியாமல் கிரியாட்டின் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம் பதறுகிறார்கள். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கூடுவது வழக்கம் என்பதால், முடிந்தால் ஒரு முழு மாதச் சுழற்சிக்கு எடுத்தால் கணக்கு தெளிவாக இருக்கும்.

படி 3: லோடிங் இல்லாமல் தொடங்குங்கள்

சுவையூட்டாத கிரியாட்டின் மோனோஹைட்ரேட் தூளை நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுங்கள், ஒரே வேளையாக. கூடவே வரும் ஸ்கூப் எத்தனை கிராம் என்று டப்பாவில் பாருங்கள், எல்லா ஸ்கூப்பும் 5 கிராம் அல்ல. நாளுக்கு 20 கிராம் வீதம் ஐந்தாறு நாள் எடுக்கும் லோடிங் முறையும் உண்டு. 1996இல் நடந்த ஆய்வு ஒன்று, 20 கிராம் வீதம் 6 நாள் எடுத்தாலும், 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தாலும் தசையில் சேர்ந்திருக்கும் அளவு ஏறத்தாழ ஒன்றே என்று காட்டியது. வேறுபாடு வேகத்தில்தான். லோடிங்கில் நீரும் ஒரே வாரத்தில் வந்து ஒரு கிலோ, சிலருக்கு அதற்கும் மேல் காட்டும். மெதுவான முறையில் அது நான்கு வாரத்தில் பரவி வருவதால் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். எடைப் பிரிவு விளையாட்டில் இருப்பவர்களுக்கும், எடையைப் பார்த்தால் பதற்றம் வருபவர்களுக்கும் மெதுவான முறைதான் என் பரிந்துரை.

தூளில் சோடியம் கிடையாது. ஆனால் தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் வகைக் கிரியாட்டினிலும், பயிற்சிக்கு முன் குடிக்கும் சில ப்ரீ-ஒர்க்அவுட் கலவைகளிலும் சோடியம் பைகார்பனேட்டோ சோடியம் சிட்ரேட்டோ இருக்கும். அப்படி ஒன்றை எடுத்தால் உப்புக் கணக்கும் சேர்ந்தே மாறுகிறது. லேபிளைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

படி 4: எடை ஏறும்போது அதன் வேகத்தைப் படியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ள, கோழியும் மீனும் வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிடும் இளைஞர். முதல் வாரம் கிரியாட்டின் இல்லாமல் பார்த்தபோது சராசரி 70.1. அடுத்த திங்கட்கிழமை 5 கிராம் தொடங்கினார். அந்த வாரச் சராசரி 70.3. ஞாயிறு காலை 70.5. அன்று மதியம் கல்யாண வீட்டில் பிரியாணி, அப்பளம், ஊறுகாய். இரவு பரோட்டா சால்னா. திங்கள் காலை இயந்திரம் 71.4 காட்டுகிறது.

"கிரியாட்டின் தண்ணீரை ஏற்றிவிட்டது" என்று இந்த இடத்தில்தான் பலர் நிறுத்துவார்கள். மேலே பார்த்த கணக்கை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையின் 5 கிராம் அதிகபட்சம் 150 மில்லி நீரைத்தான் பிடித்திருக்க முடியும். ஏறியதோ 900 கிராம். மீதிக்கு மூன்று காரணம் உண்டு. குடலில் இன்னும் செரிக்காத உணவு ஒன்று. சோறும் பரோட்டாவும் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைக் கூட்டிவரும் என்பது இன்னொன்று. மூன்றாவது, வழக்கத்துக்கு மேல் போன உப்பு.

அவர் எதையும் மாற்றாமல் வழக்கமான வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். செவ்வாய் 71.0, புதன் 70.6, வியாழன் 70.5. கிரியாட்டினை அவர் நிறுத்தவே இல்லை, ஆனாலும் எடை இறங்கிவிட்டது. கூடுதல் உப்பைச் சிறுநீரகம் இரண்டு முதல் நான்கு நாளில் வெளியேற்றிவிடும், நீரும் கூடவே போய்விடும். தசையில் சேர்ந்த கிரியாட்டின் அப்படிப் போகாது. அதை முழுவதும் நிறுத்தினாலும் பழைய அளவுக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

திங்கள், செவ்வாய் இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த வாரத்தின் சராசரி 70.5. கிரியாட்டின் தொடங்கிய மூன்றாம் வாரம் 70.8, நான்காம் வாரம் 70.9, அதற்குப் பிறகு அங்கேயே நின்றது. கிரியாட்டினோடு சேர்த்துச் சொல்லக்கூடிய ஏற்றம் இந்த 0.8 கிலோ. மெதுவாக ஏறி, ஓர் இடத்தில் நிற்கும். இறைச்சி, மீன் சாப்பிடாதவர்களுக்குத் தசையில் ஆரம்ப இருப்பு குறைவு என்பதால் ஏற்றம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். நான்கைந்து வாரத்துக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் அது சாப்பாட்டினாலோ பயிற்சியினாலோ வருவது, கிரியாட்டினைக் குறை சொல்ல முடியாது.

வேகத்தோடு இடத்தையும் பாருங்கள். கணுக்காலுக்கு மேல், முன்னெலும்பின் மேலுள்ள தோலைக் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தால் செல்களுக்கு வெளியே நீர் கோத்திருக்கிறது என்று பொருள். உப்புச் சாப்பாட்டுக்கு மறுநாள் லேசாக முகம் உப்பித் தானே வடிந்தால் கவலையில்லை. காலில் குழி விழும் வீக்கம் தொடர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ கிரியாட்டினை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். ஆரோக்கியமானவருக்கு இவை கிரியாட்டினாலோ உப்பினாலோ வரக்கூடியவை அல்ல.

உப்பைத் திடீரென்று நிறுத்தினால்

உப்பை நிறுத்தினால் எடை குறையும், அது உண்மை. நாளுக்கு 8 கிராமிலிருந்து 4 கிராமுக்கு இறங்கினால் சில நாளில் அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கலாம். ஆனால் போவது செல்லுக்கு வெளியே இருந்த நீர், அதில் ரத்தத்தின் நீரும் அடக்கம். தசைக்குள் கிரியாட்டின் பிடித்து வைத்திருக்கும் நீரில் அது கை வைக்காது. போட்டிக்கு முந்தைய வாரம் உப்பை நிறுத்தும் பாடிபில்டர்கள் சிலருக்குத் தசை சப்பையாகத் தெரிவதும், பயிற்சியில் தசை புடைக்கும் பம்ப் வராமல் போவதும் இதனால்தான். ரத்தத்தின் அளவு குறைந்துவிடுகிறது.

புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஏசி இல்லாத ஜிம்மில், ஏப்ரல் மே மாதத்தில், ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது எளிது. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக 2 முதல் 2.5 கிராம் உப்பு போகும். ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும், சட்டையில் வெள்ளைத் தடம் விழுபவர்களுக்கு அதிகம் போகிறது. இந்த நிலையில் உப்பையும் நிறுத்தி, "கிரியாட்டினுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும்" என்று யாரோ சொன்னதற்காக ஆறேழு லிட்டர் தண்ணீரும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் கீழே போய்விடலாம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், மனக்குழப்பம் என்று வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. குடித்தும் தலைவலி கூடிக்கொண்டே போனால் மேலும் தண்ணீர் குடிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிரியாட்டினுக்காகத் தனியாகக் குடம் குடமாகக் குடிக்கத் தேவையில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நன்றாக வியர்த்த நாளில் உப்புப் போட்ட மோரோ ரசமோ வழக்கமான சாப்பாட்டோடு இருந்தால் பெரும்பாலோருக்கு அதுவே ஈடுகட்டிவிடும். கிரியாட்டின் எடுத்தால் தசைப்பிடிப்பு வரும் என்று சொல்வார்கள், ஆனால் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் எடுத்தவர்களுக்குப் பிடிப்பு அதிகமாக வரவில்லை.

உப்பைக் குறைப்பதற்காகச் சிலர் சோடியம் குறைந்த உப்புக்கு மாறுகிறார்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். ஆரோக்கியமானவருக்குப் பரவாயில்லை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஏறிவிடும் ஆபத்து உண்டு. வீட்டுக்கே ஒரே உப்பு என்பதால், நீங்கள் மாற்றினால் அப்பா அம்மாவுக்கும் சேர்த்தே மாறுகிறது. அவர்களின் மாத்திரையைப் பார்த்து, மருத்துவரிடம் கேட்ட பிறகு மாற்றுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது

கிரியாட்டின் உடைந்து கிரியாட்டினின் என்ற கழிவாகிச் சிறுநீரில் போகிறது. ஆய்வகத்தில் சிறுநீரகத்தைப் பார்க்க அளப்பதும் இதே கிரியாட்டினினைத்தான். அதனால் கிரியாட்டின் எடுப்பவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் எத்தனை வாரமாக, எத்தனை கிராம் எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனையை எழுதுவார், அது கிரியாட்டினால் மாறாது. ரத்த அழுத்தத்தையும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். அது கூடியிருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது படி 1இல் தேதி எழுதி வைத்த அந்த உப்புப் பாக்கெட்டை.